ஸ்லைடில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் தம்பி ஒருவர், ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் கட்டுவதற்கு வங்கிக் கடன் கேட்டுப் பேசப் போவதாகச் சொல்லி, தன் பவர்பாயிண்ட் கோப்பைப் பார்க்கக் கொடுத்தார். 22 ஸ்லைடு. பேசக் கிடைத்த நேரம் 15 நிமிடம். இடம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டல் ஹால். கோப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, இதில் எல்லாக் கோளாறும் இருக்கிறது என்று. அதனால் அந்த ஒரு கோப்பையே உதாரணமாக வைத்து, எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது என்று எழுதுகிறேன். உங்கள் கோப்பில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

ஒன்று மட்டும் முன்னாலேயே: கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள், கீழே வரும் Reset பொத்தான் ஈவு இரக்கம் பார்க்காது. அப்புறம், எழுத்து, சார்ட், அலங்காரம் என்ற வரிசையிலேயே போங்கள். நிறத்தையும் ஃபான்ட்டையும் முதலில் சரிசெய்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அந்த ஸ்லைடையே தூக்கிப் போட்டால் வேலை வீண். நான் பலமுறை போட்டிருக்கிறேன்.

எழுத்து ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒவ்வொரு அளவில் இருக்கிறது

மூன்றாவது ஸ்லைடில் எழுத்து பெரிதாக இருக்கும், ஏழாவதில் சுருங்கியிருக்கும், பதினொன்றாவதில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். "நான் அளவையே தொடலையேண்ணா" என்றார் தம்பி. உண்மைதான், அவர் தொடவில்லை. பெட்டிக்குள் எழுத்து கொள்ளாதபோது பவர்பாயிண்ட் தானாகவே அதைச் சுருக்கி உள்ளே அடைத்துவிடும். Shrink text on overflow என்று அதற்குப் பெயர். கோப்பின் உள்ளே பார்த்தால் இப்படி இருக்கும்:

```
<a:normAutofit fontScale="62500" lnSpcReduction="20000"/>
```

அதாவது எழுத்தை நூற்றுக்கு 62.5 அளவுக்குக் குறைத்து, வரி இடைவெளியிலும் 20 சதவீதம் வெட்டியாகிவிட்டது. 28 பாயிண்ட் எழுத்து பதினேழரைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் வரி நெருங்கினால் கொஞ்சம் சமாளிக்கலாம். தமிழில் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கி’யும் ஒன்றையொன்று இடிக்கும்.

இந்த வசதியை அணைத்துப் பார்ப்பதுதான் நான் செய்யும் முதல் பரிசோதனை. பெட்டியை வலது கிளிக் செய்து Format Shape, அதில் Text Options, அதில் Text Box, அங்கே Do not Autofit. உடனே எழுத்து பழைய அளவுக்கு விரிந்து ஸ்லைடின் அடிப்பக்கம் வழியாக வெளியே கொட்டும். பயப்பட வேண்டாம், எவ்வளவு கொட்டுகிறதோ அவ்வளவும் வெட்ட வேண்டிய பாரம். நம்ம ஊர் தட்டுவடை செட் மாதிரிதான், இரண்டு தட்டுக்கு நடுவே கொள்வதைத்தான் வைக்கலாம், மேலே அமுக்கினால் பக்கவாட்டில் வந்துவிடும். தம்பியின் பதினொன்றாவது ஸ்லைடில் பாதிக்குமேல் வெளியே வந்து விழுந்தது.

எவ்வளவு சின்ன எழுத்து வரை தாங்கும் என்பதை யூகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். அந்த ஹாலில் திரை எட்டு அடி அகலம், கடைசி நாற்காலி முப்பது அடி தள்ளி. பதினைந்தரை அங்குல லேப்டாப்பின் திரை ஒரு அடிக்குச் சற்று மேல் அகலம், ஆக ஹாலின் திரை அதைப்போல ஏழு மடங்கு. முப்பதை ஏழால் வகுத்தால் நாலேகால் அடி. ஸ்லைடை முழுத்திரையில் ஓடவிட்டு, லேப்டாப்பிலிருந்து நாலேகால் அடி தள்ளி நின்று பாருங்கள், கடைசி வரிசைக்காரர் பார்ப்பது ஏறக்குறைய அதேதான். தம்பி தன் ஸ்லைடை அப்படி நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பேசுபவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார்

இதற்குக் காரணம் பயம் என்பார்கள். பெரும்பாலும் இல்லை. பேச வேண்டியது முழுவதும் ஸ்லைடிலேயே எழுதியிருப்பதால் வாசிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லாமல் போகிறது. 15 நிமிடத்தில் 22 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு 41 வினாடி. அலைபேசியில் நேரம் வைத்து அவரையே ஏழாவது ஸ்லைடை நிதானமாகப் படிக்கச் சொன்னேன். 58 வினாடி. அதில் ஒரு வார்த்தைகூட விளக்கம் கிடையாது, வெறும் வாசிப்பு.

அந்த ஸ்லைடின் தலைப்பு "எரிவாயுத் திட்டம்". உள்ளே இருந்தது இது:

"எங்கள் ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஸ்டார்ச்சைப் பிரிக்கும்போது வெளியேறும் கழிவுநீரை மூடிய கலனில் தேக்கி, காற்றுப்படாமல் நொதிக்கவைத்து, அதிலிருந்து கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு வறுவல் பகுதிக்குத் தேவையான வெப்பத்தைப் பெறுவதன் மூலம் விறகுச் செலவைக் கணிசமாகக் குறைப்பதோடு, கழிவுநீர் தொடர்பான விதிமுறைகளையும் பூர்த்தி செய்ய உத்தேசித்துள்ளோம்."

இதைப்போல இன்னும் இரண்டு பத்தி. "இதுல எதை எடுக்கறதுண்ணா, எல்லாமே முக்கியம்தான்" என்றார். எல்லாம் முக்கியம்தான், ஆனால் கணிசமாக என்றால் எவ்வளவு? அதைக் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்: "விறகு பாதி மிச்சம் ஆகும்ணா, பக்கத்து ஆலையில பார்த்துட்டு வந்துதான் கணக்குப் போட்டேன்." பாருங்கள், மூன்று பத்தி எழுதியும் கடன் கொடுப்பவருக்கு வேண்டிய அந்த ஒரு வாக்கியம் ஸ்லைடில் இல்லை.

அதையே தலைப்பாக்கினோம்: "கழிவுநீர் வாயு வந்தால் வறுவலுக்குப் பாதி விறகு போதும்". கீழே நான்கு கட்டம், நடுவில் அம்புக்குறி: கழிவுநீர், மூடிய கலன், வாயு, வறுவல் அடுப்பு. அவ்வளவுதான் ஸ்லைடு. பழைய மூன்று பத்தியை அழிக்கவில்லை, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் Notes பகுதிக்கு மாற்றினோம். பேசும்போது Presenter View-இல் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. வங்கியில் பெரும்பாலும் "இதை மெயில்ல அனுப்பிடுங்க" என்பார்கள், நான்கு கட்டமும் ஒரு தலைப்பும் மட்டும் தனியாகப் போனால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மேடைக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கோப்பு என்ற ஆசையில்தான் பாதி ஸ்லைடுகள் இப்படி வீங்குகின்றன. அனுப்பும்போது அச்சுப் பட்டியலில் Notes Pages என்று தேர்ந்து பிடிஎஃப் ஆக்குங்கள், ஸ்லைடும் அடியில் முழு விளக்கமும் ஒரே பக்கத்தில் வரும்.

மிச்ச ஸ்லைடுகளில் எது தேவை, எது தேவையில்லை என்று பார்க்க View போய் Outline View. இடது பக்கத்தில் வலது கிளிக் செய்து Collapse, Collapse All கொடுத்தால் தலைப்புகள் மட்டும் நிற்கும். அதை மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படியுங்கள். தம்பியுடையது "அறிமுகம், எங்களைப் பற்றி, எரிபொருள் விவரம், திட்டம், திட்டம் தொடர்ச்சி, செலவு விவரம்" என்று ஓடியது. இதைப் படித்து யாராவது கடன் கொடுப்பார்களா? தலைப்புகளை முழு வாக்கியமாக மாற்றி எழுதியபோது ஒன்பது ஸ்லைடுகளுக்கு எழுத வாக்கியமே வரவில்லை. அவற்றைத் தூக்கிவிட்டோம். 13 மிஞ்சியது.

சார்ட் பார்க்க அபாரம், கணக்கோடு ஒத்துப்போகவில்லை

ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு எரிபொருள் செலவு நான்கு வருடமாக எப்படி ஏறியது என்று பார் சார்ட். தம்பியின் கணக்கில் 61, 63, 66, 68 ரூபாய். ஆனால் சார்ட்டில் கடைசி பார் முதல் பாரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, இதுவும் தானாக நடந்ததுதான். எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால், அதாவது பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் பெரியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், நேர் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்காது, மேலே ஏறித் தொடங்கும். இங்கே 56-இல் தொடங்கியிருந்தது. ஆக முதல் பாரின் உயரம் 5, கடைசியின் உயரம் 12. நிஜ உயர்வு நூற்றுக்குப் பதினொன்று.

அதிகாரி அச்சைப் பார்த்துவிட்டால் மற்ற எண்கள் மீதும் சந்தேகம் வரும். அச்சின் மேல் இரட்டை கிளிக் செய்து, Axis Options-இல் Minimum என்ற இடத்தில் 0 போடுங்கள். பாருக்கு இது கட்டாயம், ஏனென்றால் நாம் பாரின் நீளத்தைத்தான் அளவாகப் படிக்கிறோம். கோடு சார்ட்டில் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறோம் என்பதால் அங்கே பூஜ்ஜியம் கட்டாயமில்லை. பூஜ்ஜியம் போட்டதும் தம்பிக்கு முகம் வாடியது, "ஏறினதே தெரியலையேண்ணா" என்றார். தெரியவில்லை என்றால் அதுதான் உண்மை. ஏழு ரூபாய் உயர்வைக் காட்டிக் கடன் கேட்பதைவிட, 68 ரூபாயில் எவ்வளவு மிச்சமாகும் என்று காட்டிக் கேட்பதுதான் வலுவான வாதம். பழைய சார்ட்டையே எடுத்துவிட்டு இரண்டே பார் வைத்தோம்: இப்போது ஒரு மூட்டைக்கு 68, கலன் வந்தபின் 37. வித்தியாசம் அச்சை வெட்டாமலேயே கண்ணில் அறைந்தது.

சார்ட்டைப் பார்த்தால் எதிர்மாறாகப் புரிகிறது

இன்னொரு ஸ்லைடில் மாதவாரியாக மொத்த எரிபொருள் செலவு, முப்பரிமாண பார்கள் பன்னிரண்டு. கோடையில் செலவு சரசரவென்று இறங்குவதுபோல இருக்கும். கிழங்கு வரத்து குறைந்து ஆலை ஓடாத மாதங்கள் அவை, செலவு எப்படி வரும்? ஆனால் சேலம் பக்கத்து ஆலைகளின் சீசன் தெரியாத அதிகாரி, செலவு தானாகவே குறைகிறதே, எதற்குக் கடன் என்று கேட்கலாம். இந்தக் கோளாறுக்குப் பவர்பாயிண்டில் பொத்தான் இல்லை. மொத்தத்தை உற்பத்தியால் வகுத்து, மூட்டைக்கு எவ்வளவு என்று போட வேண்டும். மொத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று ஒவ்வொரு சார்ட்டிலும் கேட்டுப் பாருங்கள், அந்த எதோ ஒன்றால் வகுக்காத எண் பெரும்பாலும் தப்பான கதைதான் சொல்லும். முப்பரிமாணம் எதற்கும் வேண்டாம், பாரின் தலை எந்தக் கோட்டில் முட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

செலவுப் பங்கீட்டைக் காட்ட ஒரு வட்ட சார்ட்டும் இருந்தது, எட்டுத் துண்டு, பக்கத்தில் எட்டு நிறக் குறிப்பு. மின்சாரமும் பராமரிப்பும் ஏறக்குறைய ஒரே நீலம். படுக்கை பார்களாக மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம். இதில் எல்லோரும் மாட்டுவது ஒன்று: படுக்கை பாரில் பட்டியலின் முதல் வரி சார்ட்டின் அடியில் போய் உட்காரும். பட்டியலை மறுபடி மறுபடி மாற்றி அடுக்கிக் குழம்ப வேண்டாம், நேர் அச்சில் Categories in reverse order என்பதை டிக் செய்தால் போதும். எல்லா பாரும் சாம்பல் நிறம், எரிபொருள் மட்டும் செம்மண் நிறம். குறிப்புப் பெட்டி தேவைப்படவில்லை, பெயர் பாரின் பக்கத்திலேயே நிற்கிறது.

சார்ட்டைத் தொடும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், இதில் நிஜமாகவே ஆபத்து உண்டு. எக்செலிலிருந்து சார்ட்டை ஒட்டும்போது Embed Workbook என்று தேர்ந்தால் அந்தச் சார்ட்டோடு முழு எக்செல் கோப்பும் ஸ்லைடுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தம்பியின் சார்ட்டில் வலது கிளிக் செய்து Edit Data, அதில் Edit Data in Excel கொடுத்தேன். அடுத்தடுத்த தாள்களில் வியாபாரிகளின் பாக்கி, ஆட்களின் சம்பளம், வீட்டுச் செலவு வரை இருந்தது. இதைத்தான் வங்கிக்கு மெயிலில் அனுப்ப இருந்தார். சார்ட்டுக்கு வேண்டிய நாலு எண்ணைப் புது எக்செலில் அடித்து, அதிலிருந்து சார்ட் போடுங்கள். இல்லையென்றால் வெளியே அனுப்புவது பிடிஎஃப் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு மாறும்போது தலைப்பு குதிக்கிறது

Page Down-ஐ வேகமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கோப்பில் தலைப்பு ஆணி அடித்ததுபோல நிற்கும். தம்பியுடையது ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ் திரும்புவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கையால் இழுத்து நேராக்கத் தொடங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபின்னும் தீராது.

முதலில் Outline View-க்கே திரும்பிப் போய் எந்த ஸ்லைடுகளுக்குத் தலைப்பே வரவில்லை என்று பாருங்கள். ஸ்லைடில் தலைப்பு தெரிந்தும் அங்கே காலியாக இருந்தால், அது தலைப்புக்கான பெட்டியில் இல்லை, தனியாக வரைந்த வெறும் எழுத்துப் பெட்டியில் இருக்கிறது. Alt+F10 அழுத்தினால் வரும் பட்டியலில் Title என்பதற்குப் பதில் TextBox என்று நிற்கும். Home-இல் Layout போய் Title Only கொடுங்கள், எழுத்தை வெட்டி வரும் பெட்டியில் ஒட்டுங்கள், பழைய பெட்டியை நீக்குங்கள். தலைப்பு சரியான பெட்டியிலேயே இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால் Home-இல் Reset ஒரு தட்டு போதும். ஆனால் அந்த ஸ்லைடின் தலைப்புப் பெட்டியிலும் உள்பெட்டியிலும் நீங்கள் கையால் வைத்த அளவு, இடம், நிறம் எல்லாம் போய்விடும், நகல் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

Reset கொடுத்தும் சில ஸ்லைடுகள் வேறு தோற்றத்திலேயே நின்றால் எல்லா ஸ்லைடுக்கும் தோற்றத்தைத் தரும் மாஸ்டரை View, Slide Master போய்த் திறந்து இடது பக்கம் பாருங்கள். 1, 2, 3 என்று எண்ணிட்ட மாஸ்டர்கள் பல இருக்கும். வேறு கோப்பிலிருந்து Keep Source Formatting என்று ஒட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பின் மாஸ்டரும் கூடவே வந்துவிடும். தம்பியின் கோப்பில் நான்கு, ஒன்று இயந்திரம் விற்பவரின் விளம்பரக் கோப்பிலிருந்து வந்தது, ஓரத்தில் அவர்கள் சின்னம்கூட இருந்தது. அந்த ஸ்லைடுகளுக்கு உங்கள் மாஸ்டரின் Layout-ஐக் கொடுத்துவிட்டு, யாரும் பயன்படுத்தாத மாஸ்டரை நீக்குங்கள்.

எண்கள் ஒரு ஃபான்ட், தமிழ் வேறு ஃபான்ட்

"மூட்டைக்கு 68 ரூபாய்" என்ற வரியில் 68 மட்டும் மெலிந்து, தமிழ் தடித்துத் தெரிந்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஆஃபீஸின் வழக்கமான தீமில் ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் ஒரு ஃபான்ட், தமிழுக்கு லதா என்று தனித்தனியாகக் குறித்திருக்கும். அதோடு விண்டோஸ் 10-இல் லதா தனியாக நிறுவ வேண்டிய கூடுதல் ஃபான்ட், ஆகவே ஹாலில் இருக்கும் கணினியில் அது இல்லாமலும் போகலாம். நான் Slide Master-இல் முதல் மாஸ்டரின் தலைப்பையும் உள்பெட்டியையும் தேர்ந்து Nirmala UI கொடுத்துவிடுவேன். தமிழ், எண், ஆங்கிலம் மூன்றும் அதிலேயே இருக்கின்றன, விண்டோஸோடு வந்துவிடுகிறது. அதன்பிறகும் பழைய ஃபான்ட்டில் நிற்கும் தலைப்புகளும் உள்பெட்டிகளும் பெரும்பாலும் யாரோ கையால் மாற்றியவை. அவற்றுக்கு Reset. தனியாக வரைந்த எழுத்துப் பெட்டிகளுக்கு ஃபான்ட்டைக் கையால்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு ஸ்லைடில் மட்டும் `jkpo;` என்பதுபோல வரும். அது வைரஸ் இல்லை, பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட். அச்சகத்தில் அடித்து வாங்கிய பழைய துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த ஃபான்ட் இருக்கும் கணினியில் மட்டும் ‘தமிழ்’ என்று தெரியும். ஃபான்ட்டைத் தேடி நிறுவுவது உங்கள் கணினியை மட்டும்தான் சரிசெய்யும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்று வரிதான் என்றால் மறுபடி அடித்துவிடுவது வேகம்.

உங்கள் திரையில் சரி, ஹாலில் மங்கல்

View-இல் Grayscale கொடுத்துப் பாருங்கள். பாரும் பின்புலமும் ஒரே சாம்பலாகிப் போனால், வெளிச்சம் அடிக்கும் ஹாலிலும் நகலெடுத்த தாளிலும் அப்படித்தான் இருக்கும். வங்கியில் கறுப்பு வெள்ளையில்தான் நகல் எடுப்பார்கள். எங்கள் செம்மண் நிற பார் அதில் மற்றவற்றோடு கலந்துவிட்டது, மற்ற சாம்பலை இன்னும் வெளுப்பாக்கியதும் பிரிந்து நின்றது.

இத்தனைக்கும் ஆன நேரம் இரண்டரை மணி, அதில் முக்கால்வாசி எழுத்துக்கே போனது. முன்தினம் மாலை ஹாலுக்குப் போய் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். முப்பதடி தள்ளி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து 68, 37 இரண்டையும் படித்துச் சொன்னேன். பன்னிரண்டாவது ஸ்லைடின் அடியில் இருந்த தேதியை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அந்த வரி வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ணா" என்று அங்கேயே நீக்கினார்.